பிடி கொடுக்காத கூற்றுகள்: நெப்டியூனையும் வல்கனையும் வைத்து ஒரு கேள்வி பதில்

### ஒரு கூற்றைச் சோதிக்க முடியுமா முடியாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் சொல்வது தவறு என்றால், எதைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ளலாம்?" அவர் ஒரு நிகழ்ச்சியையோ அளவையோ தேதியையோ சுட்டிக்காட்டினால் அந்தக் கூற்று சோதனைக்கு வரும். எது நடந்தாலும் தன் கருத்துக்குப் பொருந்தும் என்ற தொனியில் பதில் வந்தால், அது பிடி கொடுக்காத கூற்று. தத்துவவாதி கார்ல் பாப்பர் 1934இல் அறிவியலுக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் போட்ட கோடு ஏறக்குறைய இதுதான்.

கேள்வி எளிது. ஆனால் "என் கருத்தைச் சோதிக்க முடியாது" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரும்பாலும் கூற்று சோதிக்கக்கூடியதாகத்தான் பிறக்கிறது. சோதனையில் அடிவாங்கிய பிறகு, அதைக் காப்பாற்ற ஒவ்வொன்றாகச் சேர்க்கும் விளக்கங்களால்தான் அது மெல்லப் பிடி கொடுக்காததாக மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பார்க்க வானியலில் அருமையான ஒரு கதை இருக்கிறது. உர்பென் லெ வெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர் ஒரே உத்தியை இரண்டு தடவை கையாண்டார். முதல் தடவை புகழின் உச்சிக்குப் போனார், இரண்டாம் தடவை அது பலிக்கவில்லை. கீழே வரும் பதில்களில் பெரும்பாலும் அந்தக் கதையைத்தான் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன்.

### சோதனையில் தோற்ற கூற்றும் சோதிக்கவே முடியாத கூற்றும் ஒன்றுதானே? இரண்டும் குப்பைதானே?

இல்லை, இரண்டும் எதிரெதிர். சோதனையில் தோற்ற கூற்று நமக்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறது. "இந்த இடத்தில் இவ்வளவு பெரிய கோள் இல்லை" என்பதும் ஒரு தகவல்தான்.

சோதிக்கவே முடியாததற்கு உதாரணம் வேண்டுமென்றால், பிலிப் கோஸ் என்ற ஆங்கில இயற்கையியலாளர் 1857இல் சொன்னதைப் பார்க்கலாம். உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் படைக்கப்பட்டது, ஆனால் பழையதுபோலத் தோன்றும் அடையாளங்களோடேயே படைக்கப்பட்டது என்றார். பாறை அடுக்குகள், புதைபடிவங்கள், மரத்தின் வளையங்கள் எல்லாமே படைப்பின்போதே உள்ளே வைக்கப்பட்டவையாம். நீங்கள் எந்தப் பாறையைத் தோண்டி எடுத்து வந்து காட்டினாலும் அவருக்குப் பதில் தயார். இதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை, அது உண்மையாகக்கூட இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் நாளை எந்தப் பாறையில் எதைப் பார்ப்போம் என்று அதை வைத்து ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது. பிடி கொடுக்காத கூற்றின் குறை பொய் என்பது அல்ல, எதையும் சொல்லாமல் சொன்னதுபோல் தோன்றுவதுதான்.

### கணிப்பு பொய்த்துப்போனால் கோட்பாட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதானே? அதன் பிறகு விளக்கம் சொல்வதே சப்பைக்கட்டு அல்லவா?

அப்படிப் பார்த்தால் நியூட்டனின் ஈர்ப்பு விதியை 1840களிலேயே தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியாதது சரி என்று அப்புறம் தெரிந்தது.

யுரேனஸை வில்லியம் ஹெர்ஷல் 1781இல் கண்டுபிடித்தார். அதன் பிறகு பழைய குறிப்புகளைத் துழாவியபோது, 1690இலிருந்தே பலர் அதைப் பார்த்திருந்ததும், விண்மீன் என்று நினைத்துக் குறித்து வைத்திருந்ததும் தெரியவந்தது. அலெக்சி புவார் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1821இல் யுரேனஸின் பாதைக்கு அட்டவணை போட உட்கார்ந்தார். பழைய குறிப்புகளும் புதிய குறிப்புகளும் ஒரே பாதையில் பொருந்தவே இல்லை. பழையவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டு, புதியவற்றை மட்டும் வைத்து அட்டவணை போட்டார்.

இது ஒரு காப்பாற்று முயற்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, பழைய கருவிகள் மோசமானவைதானே? ஆனால் இதற்குள் ஒரு சோதனை ஒளிந்திருந்தது. குற்றம் பழைய குறிப்புகளில்தான் என்றால், இனி வரும் கவனிப்புகள் புதிய அட்டவணையோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. சில ஆண்டுகளிலேயே யுரேனஸ் மறுபடி விலகத் தொடங்கி, 1840களின் நடுவில் பிசகு இரண்டு கலையை நெருங்கியது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை என்பதால், இது அதில் பதினைந்தில் ஒரு பங்குதான். கண்ணுக்கு ஒன்றுமில்லை, வானியலாளருக்கு இது மானக்கேடு.

அப்போது முன்னால் இருந்த வழிகள் இரண்டு. சூரியனிலிருந்து அவ்வளவு தொலைவில் ஈர்ப்பு விதியே கொஞ்சம் மாறுகிறதோ என்று சந்தேகப்படலாம், அப்படிச் சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அல்லது யாரும் பார்க்காத ஒரு கோள் யுரேனஸை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உர்பென் லெ வெரியே இரண்டாவது வழியில் போனார். இங்கிலாந்தில் ஜான் கவுச் ஆடம்ஸும் தனியாக அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

எந்தக் கோட்பாடும் தனியாக நின்று கணிப்பதில்லை என்பதை இங்கே மறக்கக்கூடாது. யுரேனஸ் இந்த நாளில் இங்கே இருக்கும் என்ற கணிப்புக்குள் ஈர்ப்பு விதி, சுற்றியுள்ள கோள்களின் பட்டியல், அவற்றின் நிறைகள், கருவியின் துல்லியம், கணக்குப் போட்டவரின் கவனம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. கணிப்பு தவறினால் இவற்றில் ஏதோ ஒன்று தவறு என்று மட்டும்தான் தெரியும். எது என்று தெரியாது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டூஹெம் 1900களின் தொடக்கத்திலேயே இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டார். அதனால் பிசகு வந்தவுடன் துணை அனுமானம் ஒன்றைச் சேர்ப்பதில் தப்பே இல்லை. எந்த மாதிரி அனுமானம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

### நெப்டியூன் கிடைத்துவிட்டதால் இப்போது நல்ல அனுமானம் என்கிறீர்கள். கிடைப்பதற்கு முந்தின நாள் அதுவும் சப்பைக்கட்டுதானே?

கிடைப்பதற்கு முன்பே வித்தியாசம் தெரிந்தது. முடிவைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட வேண்டிய அவசியமே இல்லை.

லெ வெரியே 1846 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில் தன் முடிவை அறிவித்தபோது, "ஏதோ ஒரு கோள் எங்கோ இழுக்கிறது" என்று சொல்லவில்லை. வானத்தில் எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்று சொன்னார். தொலைநோக்கியில் விண்மீன்போல் புள்ளியாகத் தெரியாது, சுமார் 3 விகலை அகலமுள்ள சிறு வட்டமாகத் தெரியும் என்றார். கோள் என்றால் அடுத்த இரவு கொஞ்சம் நகர்ந்தும் இருக்க வேண்டும். இந்த மூன்றுமே யுரேனஸின் பிசகைத் தாண்டியவை. யுரேனஸை மறந்துவிட்டு, வானத்தை மட்டும் பார்த்து யார் வேண்டுமானாலும் "இருக்கிறது" அல்லது "இல்லை" என்று சொல்லிவிடலாம்.

பாரிஸில் யாரும் சுறுசுறுப்பாகத் தேடவில்லை. அவர் பெர்லின் வானாய்வகத்தில் இருந்த யோகான் கால்லேவுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் செப்டம்பர் 23 அன்று வந்தது. அன்று இரவே கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். கூட இருந்த மாணவர் ஹைன்ரிச் தாரெஸ்ட், அந்தப் பகுதிக்குப் புதிதாக அச்சாகியிருந்த விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். கால்லே ஒவ்வொரு விண்மீனாகச் சொல்ல, தாரெஸ்ட் வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்திலேயே வரைபடத்தில் இல்லாத ஒன்று வந்தது. சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தூரம். அடுத்த இரவு பார்த்தபோது நகர்ந்திருந்தது.

இப்போது ஒரு மாற்றுக் கற்பனை. லெ வெரியே, "யுரேனஸை இழுக்கும் ஒரு பொருள் இருக்கிறது, அது ஒளி விடாது, எந்தத் தொலைநோக்கிக்கும் தென்படாது, யுரேனஸைத் தவிர வேறெதையும் இழுக்காது" என்று சொல்லியிருந்தால்? கணக்கு அப்படியேதான் இருக்கும், யுரேனஸின் பிசகும் அதே துல்லியத்தில் தீரும். ஆனால் அதுதான் அசல் சப்பைக்கட்டு. எதை விளக்கப் பிறந்ததோ அதைத் தவிர வேறு எங்கும் அது தலை காட்டாது.

ஒரு சின்ன பின்குறிப்பும் உண்டு. லெ வெரியே கோளின் தூரத்தைத் தவறாக எடுத்துக்கொண்டார். கோள்களின் தூரங்களில் தெரிந்த ஒரு எண் வரிசையை நம்பி, சூரியன்–பூமி தூரத்தைப்போல் சுமார் 36 மடங்கு என்று வைத்தார். உண்மையில் 30 மடங்குதான். ஆனாலும் திசை சரியாக வந்தது. யுரேனஸ் 1822 வாக்கில் நெப்டியூனை உள்ளிருந்து கடந்து போயிருந்ததால், அந்த ஆண்டுகளின் இழுப்பு திசையை நன்றாகக் காட்டிக்கொடுத்தது, தூரத்தை அவ்வளவாகக் காட்டவில்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் இதை அதிர்ஷ்டம் என்றே சொன்னார். அது கொஞ்சம் கடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. என்றாலும், சோதனையில் தேறியது எது, தேறாதது எது என்று அவர் பிரித்துப் பார்த்தது சரிதான். தேறியது திசை, பாதை அல்ல.

### அதே லெ வெரியே புதன் விஷயத்தில் என்ன செய்தார்?

அதே மருந்தை மறுபடியும் கொடுத்தார். அதில் தப்பில்லை, முதல் தடவை நோய் குணமானதே.

புதனின் பாதை ஒரு நீள்வட்டம். அதில் சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் மெல்லச் சுற்றி நகர்கிறது. இன்றைய கணக்கில் நூற்றாண்டுக்குச் சுமார் 575 விகலை. இதில் வெள்ளி, வியாழன், பூமி முதலான கோள்களின் இழுப்பு 532 விகலையை விளக்கிவிடும். மிச்சம் 43. லெ வெரியே 1859இல் கண்ட மிச்சம் 38 விகலை, சைமன் நியூகோம் 1882இல் அதை 43 என்று திருத்தினார். சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ஒரு கோளோ பல சிறு பொருள்களோ இருக்க வேண்டும் என்று லெ வெரியே முடிவு கட்டினார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஓர்ஜேர் என்ற சிற்றூரின் மருத்துவர் லெஸ்கார்போவிடமிருந்து கடிதம் வந்தது. மார்ச் 26 அன்று சூரியன் முகத்தில் ஒரு சின்னக் கரும்புள்ளி ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் கடந்து போனதைப் பார்த்தாராம். லெ வெரியே சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்கே போய் நின்று குறுக்கு விசாரணை செய்தார். நேரத்தை எப்படி அளந்தீர்கள்? நூலில் கட்டிய தந்தப் பந்தை ஊசலாக ஆட்டி நொடிகளை எண்ணியதாகச் சொன்னார் மருத்துவர். கணக்கை எங்கே எழுதினீர்கள்? மரப்பலகையில். எழுதி முடித்ததும் இழைத்துவிட்டு மறுபடி அதிலேயே எழுதுவாராம். லெ வெரியேவுக்குத் திருப்தி. கோளுக்கு வல்கன் என்று பெயர் வந்தது, மருத்துவருக்கு அரசு விருதும் வந்தது. அதே நாளில் பிரேசிலில் இன்னும் நல்ல தொலைநோக்கியோடு சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த எம்மானுவேல் லியே, அப்படி எதையும் காணவில்லை என்றார்.

இதுவரையில் வல்கன் நல்ல அனுமானம்தான், நெப்டியூன் அளவுக்கே நல்லது. சுற்றுக் காலம் சுமார் 20 நாள் என்று சொல்லியாயிற்று. அப்படியொன்று இருந்தால் அவ்வப்போது சூரியனைக் கடக்க வேண்டும், முழுக் கிரகணத்தின்போது பக்கத்தில் தெரியவும் வேண்டும்.

### வல்கன் எந்தக் கட்டத்தில் சப்பைக்கட்டாக மாறியது?

இன்ன நாளில் என்று கோடு போட முடியாது. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் தெரியும்.

முதல் இடறல் லெ வெரியேவின் கணக்கிலேயே இருந்தது. லெஸ்கார்போ பார்த்த புள்ளியின் அளவை வைத்துப் பார்த்தால், அதன் நிறை புதனின் நிறையில் சுமார் 17இல் ஒரு பங்குதான். 38 விகலையை விளக்க அது போதாது. சரி, அப்படியானால் இன்னும் பல இருக்க வேண்டும் என்றார்கள். 1860 ஜூலை கிரகணத்தில் தேடினார்கள், இல்லை. 1877 மார்ச் 22 அன்று வல்கன் சூரியனைக் கடக்கலாம் என்று லெ வெரியே நாள் குறித்தார். பல இடங்களில் சூரியனைக் கண்காணித்தார்கள், ஒன்றும் வரவில்லை. அந்த ஆண்டே அவர் காலமானார். 1878 ஜூலை 29 கிரகணத்தில் ஜேம்ஸ் வாட்சன், லூயிஸ் ஸ்விஃப்ட் என்ற இரு அமெரிக்கர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். இருவர் சொன்ன இடங்களும் சரியாக ஒத்துப்போகவில்லை, ஏற்கனவே தெரிந்த விண்மீன்களைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று மற்றவர்கள் காட்டினார்கள். வாட்சன் விடவில்லை. பகலிலேயே வல்கனைப் பார்க்க நிலத்துக்கு அடியில் ஒரு ஆய்வுக் குழியைக் கட்டத் தொடங்கினார், அது முடிவதற்குள் இறந்துபோனார். கடைசியில் அமெரிக்காவின் லிக் வானாய்வகக் குழுக்கள் 1901, 1905, 1908 கிரகணங்களில் சூரியனைச் சுற்றிப் புகைப்படத் தட்டுகளில் பதிவு செய்தன. தெரிந்த விண்மீன்களைத் தவிர எதுவும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், வல்கன் ஆதரவாளர்கள் கடைசிவரை தேதியும் இடமும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் வல்கனால் தோற்க முடிந்தது.

அதற்குப் பின்னால் வந்த ஒன்றுதான் சந்தேகத்துக்குரியது. கோள் இல்லை என்றதும் 1906இல் ஹூகோ ஃபான் சீலிகர் என்ற ஜெர்மானிய வானியலாளர், சூரியனைச் சுற்றி மெல்லிய தூசுப் படலம் இருக்கிறது, அதன் ஈர்ப்புதான் காரணம் என்றார். அந்தப் பக்கம் தூசு இருப்பது உண்மை, அந்திக்குப் பிறகும் விடியலுக்கு முன்பும் அடிவானத்தில் மங்கலாகத் தெரியும் இராசி ஒளி அதனால்தான் வருகிறது. ஆனால் அதன் அடர்த்தியையும் வடிவத்தையும் சாய்வையும் அவர் புதனின் பிசகு சரியாக வருகிற மாதிரி தேர்ந்தெடுக்க முடிந்தது. 43 வேண்டுமா, 43 வரும். அளவீடு திருத்தப்பட்டு 50 ஆனால் 50ம் வரும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும் விளக்கத்துக்கு, அந்த எண் கிடைத்ததால் எந்தப் பெருமையும் இல்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத நிலை இதுதான். ஆனாலும் இது முழுச் சப்பைக்கட்டு அல்ல. அவ்வளவு நிறையுள்ள தூசு இருந்தால் அது எவ்வளவு ஒளி விடும், மற்ற கோள்களை எவ்வளவு இழுக்கும் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போடலாம், போட்டார்கள்.

### பிசகு சரியாக வருகிற மாதிரி ஒரு எண்ணை மாற்றிக்கொள்வது எப்போதுமே தப்பா?

மாற்றிய எண் வேறு எங்கேயாவது மாட்டிக்கொள்ளும் என்றால் தப்பில்லை. இதற்கு அசாஃப் ஹால் 1894இல் செய்தது அழகான உதாரணம். செவ்வாயின் இரண்டு நிலவுகளைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஈர்ப்பு, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பது நியூட்டன் விதி. வர்க்கம் என்றால் அடுக்கு 2. அது சரியாக 2 இல்லாமல் 2.00000016 என்று இருந்தால் புதனின் மிச்சம் தீர்ந்துவிடும் என்றார் ஹால். பார்த்தவுடன் சிரிப்புத்தான் வரும். வசதிக்கு ஏற்ப ஏழாவது தசம இடத்தில் கைவைத்திருக்கிறார்.

ஆனால் ஈர்ப்பு விதி புதனுக்கு மட்டும் சொந்தமில்லை. அடுக்கு 2ஐவிட δ அளவு கூடினால், ஏறத்தாழ வட்டமான எந்தப் பாதையிலும் அருகுப் புள்ளி ஒரு சுற்றுக்கு π × δ ரேடியன் நகரும். ஒரு ரேடியனில் 206265 விகலைகள் உண்டு. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்:

```
δ = 0.00000016
ஒரு சுற்றுக்கு:        3.1416 × 0.00000016 × 206265 ≈ 0.104 விகலை
புதன், 100 ஆண்டில்:   415 சுற்று   × 0.104 ≈ 43 விகலை
நிலவு, 100 ஆண்டில்:  1337 சுற்று  × 0.104 ≈ 139 விகலை
```

கடைசி வரிதான் பொறி. நிலவு 27.3 நாளில் ஒரு சுற்று முடிப்பதால் நூற்றாண்டில் அதிகச் சுற்றுகள் போடுகிறது, எனவே அதன் பூமிக்கு அருகான புள்ளி நூற்றாண்டுக்குச் சுமார் 139 விகலை கூடுதலாக நகர வேண்டும். எர்னஸ்ட் பிரவுன் நிலவின் இயக்கத்தை அசாத்தியத் துல்லியத்தோடு கணித்து, 1903இல் அந்தப் புள்ளியின் நகர்வை ஹாலின் திருத்தம் இல்லாமலே விளக்கிவிட்டார். 139 விகலைக்கு அங்கே இடமே இல்லை. ஹாலின் கருத்து அத்தோடு முடிந்தது.

சொன்ன விதம் சப்பைக்கட்டு மாதிரி இருந்தாலும், அது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாகச் சொல்லப்பட்டது. அதனால்தான் நிலவில் மாட்டிக்கொண்டது. "அடுக்கு புதனுக்கு மட்டும் 2.00000016, மற்றவற்றுக்கு 2" என்று யாராவது நீட்டியிருந்தால் மாட்டவே மாட்டாது. அந்த "மட்டும்" வரும் இடத்தில்தான் சப்பைக்கட்டு தொடங்குகிறது.

### ஐன்ஸ்டைனும் ஏற்கனவே தெரிந்த 43 விகலைக்குத்தானே விளக்கம் சொன்னார்? அது மட்டும் எப்படி நேர்மையாகிறது?

கேட்க வேண்டிய கேள்விதான். 43 என்ற எண் அவருக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த எண்ணைக் கொண்டுவரத் திருகுவதற்கு அவர் கோட்பாட்டில் திருகாணி எதுவும் இல்லை.

1915 நவம்பர் 18 அன்று அவர் கொடுத்த முடிவின்படி, அருகுப் புள்ளி ஒரு சுற்றுக்கு நகரும் கோணம் இது:

```
6πGM / (c² · a · (1 − e²))
```

இதில் G ஈர்ப்பு மாறிலி, M சூரியனின் நிறை, c ஒளியின் வேகம், a பாதையின் சராசரி ஆரம், e நீள்வட்டத்தின் நசுங்கல். எல்லாமே புதனின் பிசகோடு சம்பந்தம் இல்லாமல், வேறு வழிகளில் அளக்கப்பட்டவை. சூரியனுக்கு GM/c² சுமார் 1.477 கி.மீ. புதனுக்கு a 5.79 கோடி கி.மீ., e 0.2056. போட்டுப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 0.1035 விகலை வரும். நூற்றாண்டுக்கு 415 சுற்றுகள், ஆகவே 43 விகலை. 38 என்றோ 50 என்றோ வந்திருந்தால் அவருக்கு ஓட வழி இருந்திருக்காது.

அதே சூத்திரம் வெள்ளிக்கு 8.6 விகலை, பூமிக்கு 3.8 விகலை என்கிறது. பின்னாளைய அளவீடுகள் அவற்றோடும் ஒத்துப்போயின. அதே கோட்பாடு சூரியனின் ஓரத்தை ஒட்டி வரும் ஒளி 1.75 விகலை வளையும் என்றது, அப்போது அது யாரும் அளக்காத விஷயம். 1919 மே 29 கிரகணத்தில் அளந்தார்கள். ஆக, முன்பே தெரிந்த செய்தியை விளக்குவது குற்றமில்லை. விளக்கத்துக்குள் வளைத்துக்கொள்ள எத்தனை எண்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். சீலிகரின் தூசில் பல இருந்தன, ஹாலிடம் ஒன்று, ஐன்ஸ்டைனிடம் ஒன்றுகூட இல்லை.

### குற்றத்தைக் கோட்பாட்டின் மேல் போடாமல் பார்ப்பவர் மேல் போடுகிறார்களே, அது எந்த வகை?

இருப்பதிலேயே ஆபத்தான வகை, ஏனென்றால் சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். பயிற்சி இல்லாத கண் தவறவிடுவது சகஜம்.

பிரான்சின் நான்சி நகரில் ரெனே புளோந்லோ என்ற இயற்பியலாளர் 1903இல் புதுக் கதிர் ஒன்றைக் கண்டதாக அறிவித்து, அதற்கு என்-கதிர் என்று பெயர் வைத்தார். இருட்டறையில் மங்கலாக ஒளிரும் புள்ளி கொஞ்சம் பிரகாசமாவதைக் கண்ணால் பார்த்துத்தான் அதைக் கண்டுகொள்ள முடியும். மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்றபோது, கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும், புள்ளியை நேராக உற்றுப் பார்க்கக்கூடாது, பயிற்சி வேண்டும் என்றெல்லாம் பதில் வந்தது. 1904இல் அமெரிக்கரான ராபர்ட் வுட் அங்கே போனார். கதிரைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்ட அலுமினியப் பட்டகத்தை இருட்டில் யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டார். அவர்கள் எப்போதும்போல் அளவுகளைப் படித்துக்கொண்டே இருந்தார்கள்.

வுட் பயிற்சி பற்றி வாதாடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பயிற்சி பெற்ற கண்களையே பயன்படுத்திக்கொண்டு, அவர்களுக்குத் தெரியாமல் காரணத்தை மட்டும் அகற்றினார். பார்ப்பவர் மேல் பழி போடும் கூற்றைச் சந்திக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

### இருண்ட பொருளும் இன்னொரு வல்கன்தானே?

இன்னும் தெரியாது. கேள்வியின் உருவம் மட்டும் அப்படியே இருக்கிறது. விண்மீன் மண்டலங்கள் எதிர்பார்த்த வேகத்தில் சுற்றவில்லை, ஆகவே ஒன்று காணாத பொருள் இருக்கிறது, அல்லது ஈர்ப்பு விதி மாற வேண்டும்.

காணாத அந்தப் பொருள் ஒரு வகைத் துகள் என்று கருதி, அதை நேரடியாகப் பிடிக்கும் முயற்சிகள் இதுவரை வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றன. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் துகளின் பண்புகள் கொஞ்சம் தள்ளி வைக்கப்படுகின்றன, இது வல்கன் வாடைதான். ஆனால் இருண்ட பொருள் ஒரே பிசகை மட்டும் விளக்கவில்லை. மண்டலங்களின் சுழற்சியோடு, ஒளி வளையும் அளவு, அண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் ஏற்ற இறக்கங்கள் என்று தனித்தனி இடங்களில் அளக்கும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு பொருளைக் கேட்கிறது. சீலிகரின் தூசுக்கு இந்த வசதி கிடையாது.

### "எங்கோ ஒன்று இருக்கிறது" என்ற கூற்றைப் பொய்ப்பிக்கவே முடியாதே? இன்னும் தேடவில்லை என்று சொல்லிக்கொண்டே போகலாமே?

எல்லை சொல்லாவிட்டால் அப்படித்தான். எங்கே, எவ்வளவு பெரியது என்று எல்லை போட்டுவிட்டால் பொய்ப்பிக்கலாம்.

வல்கன் இருந்த இடத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. புதனின் பாதைக்கு உள்ளே சிறு கற்கள் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்று இன்றும் சில வானியலாளர்கள் நினைக்கிறார்கள், அவற்றுக்கு வல்கனாய்டு என்று பெயர். புதனின் 43 விகலைக்கு இவற்றை யாரும் நம்பியிருக்கவில்லை. அந்தப் பகுதியில் பாதைகள் நீண்ட காலம் நிலைக்கும் என்று கணக்கு சொல்வதால் தேடுகிறார்கள். சூரியனை ஆராயும் ஸ்டீரியோ விண்கலங்கள் எடுத்த படங்களை அலசி, சுமார் 6 கி.மீ.க்கு மேல் விட்டமுள்ளது எதுவும் அங்கே இல்லை என்று 2013இல் அறிவித்தார்கள். அதற்கும் சிறியவை இருக்கலாம், அடுத்த கருவி அந்த அளவை இன்னும் கீழே தள்ளும்.